லிஸ்டில் பேர் வராத இரவில் நீ கேட்டவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாப்பா, நேஷனல்ஸுக்குப் போகும் தமிழ்நாடு பெண்கள் கபடி அணியின் 12 பேர் லிஸ்டில் என் பேர் வந்து உன் பேர் வராமல் போன நேற்று, இரவு 10 மணிக்கு ஆரம்பித்து விடியும் வரை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டேன். பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான், அதையே மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறாய். போனில் பேசலாம் என்று எடுத்தேன், ஆனால் நீ அழுவாய், நானும் அழுதுவிடுவேன், சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போகும். அதனால் உன் கேள்விகளை நீ கேட்டபடியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே எனக்குத் தெரிந்த பதிலை எழுதுகிறேன். நடுவில் ஒரு பதிலைப் படித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், ஆனால் அதோடு நிறுத்திவிடாமல் மீதியையும் படி.

லிஸ்ட் படிக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா அக்கா?

ஓரளவு தெரியும். யாரும் என்னிடம் பேரைச் சொல்லவில்லை, ஆனால் முந்தின நாள் மாலை கோச் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து உன் இடம் உறுதியில்லை என்று புரிந்துவிட்டது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். அன்றைக்கு நான் ரூமுக்குத் திரும்பும்போது நீ குழாயடியில் உட்கார்ந்து, முட்டியில் மாட்டுகிற உன் நீ-கேப்பையும் என் நீ-கேப்பையும் சேர்த்துத் துவைத்துக்கொண்டிருந்தாய். நாளைக்குக் காய்ந்துவிடுமா என்று வேறு கேட்டாய். சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். முடிவாகாத ஒன்றைச் சொல்லி உன் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. நீ என்னை நம்பித்தான் கேம்புக்கு வந்தாய், அதனால் அன்றைக்கே உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, எதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

நான் என்ன தப்பு பண்ணேன்?

மூன்றாவது பிராக்டிஸ் மேட்ச் ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் பாதி, நாம் ஏழு பேரும் ஆடுகிற விரிப்பில், அந்த மேட்டில் இருந்த நேரம். நாம் என்று சொல்லிவிட்டேன், நான் எதிர் டீமில் வெளியே உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எங்கள் ரைடர் உன் பக்கம், அதாவது உங்கள் இடது பக்கம் பாடி வந்தாள். ஏழு பேர் நின்றதால் போனஸ் பாயிண்ட் உண்டு, அவள் அதற்குத்தான் வந்தாள். இடது ஓரத்தில், கார்னரில் உனக்குப் பழக்கமில்லாத வேறு மாவட்டப் பெண், அவளுக்கு உள்பக்கம் நீ கவரில், உன் கையைப் பிடித்துக்கொண்டு சென்டர்.

போனஸ் எடுக்க ரைடருடைய முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டித் தரையில் பட வேண்டும், அந்த நேரத்தில் பின்கால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். இது உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதில் நமக்கு என்ன கிடைக்கிறது என்று யோசித்துப் பார். பின்கால் எழுந்துவிட்டால் அவள் உடம்பு மொத்தமும் முன்காலில் நிற்கிறது. அந்தக் காலைத்தான் கார்னர் பிடிக்கப் போகிறாள். அந்த ஒரு நொடியில் ரைடரால் திரும்ப முடியாது, தள்ளவும் முடியாது, ஒற்றைக்காலில் நிற்கிறாள். கவர் அப்போது கிளம்பி மையக் கோட்டுக்குப் போகும் வழியை உடம்பால் மறைத்தால் வேலை முடிந்தது.

நீ எப்போது கிளம்பினாய் தெரியுமா? அவள் முன்காலைத் தூக்கியபோதே. பின்கால் அப்போது மேட்டில் அழுத்தமாக ஊன்றியிருந்தது. நீ வருவதை அவள் பார்த்துவிட்டாள், போனஸை விட்டுவிட்டு அந்தப் பின்காலை வைத்தே திரும்பினாள், உன் தோளில் ஒரு கை. நீ மோதிய வேகத்தில் சென்டரும் உன்னோடு இழுபட்டுப் போய் அவள் மேல் பட்டாள். கார்னர் நின்ற இடத்திலேயே நின்றாள், பிடிக்க அவளுக்குக் கால் கிடைக்கவே இல்லை. ரைடர் மையக் கோட்டைத் தாண்டியதும் நீங்கள் இரண்டு பேரும் அவுட். நடுவில் பெரிய ஓட்டை. அடுத்தடுத்த ரைடுகளில் ஒவ்வொருத்தியாகப் போய் ஆல் அவுட், அதற்குக் கூடுதலாக இரண்டு பாயிண்ட்.

ஒரே ஒரு தடவை என்றால் யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். அந்தக் கேம்பில் நீ ஆடிய மேட்ச்களில் இதே மாதிரி ஐந்து தடவை கிளம்பியிருக்கிறாய், நான் எண்ணினேன். அதில் ஒன்றில்தான் ரைடர் மாட்டினாள், அதுவும் அவள் கால் வழுக்கியதால்.

ரைடரை மோதித் தள்ளுகிற உன் டேஷில் குறை இல்லை. மோதும் பலம், தோள் வைக்கும் இடம், விழுந்ததும் எழும் வேகம், இதெல்லாம் கேம்பில் இருந்த கவர்களில் உன்னிடம்தான் நன்றாக இருந்தது. இதை ஆறுதலுக்காக எழுதவில்லை, ரைடர் பெண்களே சொன்னார்கள். நேரம் மட்டும்தான் தப்பு, அரை நொடி முந்துகிறாய்.

நம்ம கிளப்ல இதே ஆட்டம்தானே ஆடுறேன், அங்க ஏன் யாரும் சொல்லல?

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் என் பங்கு நிறைய.

மூன்று வருஷமாக மஞ்சக்குப்பம் கிரவுண்டில் உனக்குப் பக்கத்தில் இடது கார்னரில் நிற்பது நான். நீ முந்திக் கிளம்புவாய் என்று முதல் சீசனிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே உன்னை நிறுத்தித் திருத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், என் ஆட்டத்தை உனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன். நீ கிளம்பும் அதே நேரம் நானும் கிளம்பி, ரைடர் திரும்பும் அந்தப் பின்காலை எட்டிப் பிடித்துவிடுவேன். உன் தோளில் தட்டிவிட்டுத் திரும்பும் ரைடருக்கு என் கை அங்கே இருக்கும் என்று தெரியாது. பார்க்கிறவர்களுக்கு அழகான கூட்டுப்பிடி மாதிரி இருக்கும், கைதட்டுவார்கள். மாவட்டப் போட்டிகளில் நாம் வாங்கிய பாதிப் பாயிண்ட் அப்படி வந்ததுதான்.

நாம் ஜெயித்துக்கொண்டிருந்ததால் எனக்குத் திருத்தத் தோன்றவில்லை. உன் அவசரத்தை நான் மூடி மூடி வைத்தேன், கேம்பில் வேறு கார்னர் நின்றதும் அது வெளியே வந்துவிட்டது. இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் பாப்பா. நேரில் வந்தும் கேட்பேன்.

இன்னொன்றும் உண்டு. நீ சின்ன வயதிலிருந்து மண்ணில் ஆடியவள். மண்ணில் கால் சறுக்கும், அதனால் முன்கூட்டியே உந்திக் கிளம்பினால்தான் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும், நினைத்த நொடியில் போய்விடலாம், அந்த முன்கூட்டிய உந்தல் தேவையில்லை. உன் கால் இன்னும் மண் கணக்கிலேயே போகிறது. கிராமத்து கிரவுண்டிலிருந்து வந்த நம் எல்லோருக்கும் இது இருந்தது, எனக்குப் போக ஒரு வருஷம் ஆனது.

அந்தப் பொண்ணு என்னை விட நல்லா ஆடுறாளா?

உன் இடத்துக்கு எடுத்த பெண்ணைத்தானே கேட்கிறாய்? கவரில் மட்டும் என்றால் இல்லை. ஆனால் 12 பேரை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார். மேட்டில் இறங்குவது ஏழு பேர்: இரண்டு கார்னர், இரண்டு கவர், மூன்று ரைடர். வெளியே ஐந்து பேர். அந்த ஐந்தில் ரைடர் இரண்டு பேராவது வேண்டும், ஏனென்றால் ரைடர்தான் அதிகம் அடிபடுவாள், அதிகம் களைப்பாள். கார்னருக்கு ஒரு ஆள். ரைடும் போய் டிஃபென்ஸும் நிற்கிற ஆள் ஒருத்தி. மிச்சம் இருப்பது ஒரே இடம். அது கவருக்கான இடம்தான், ஆனால் அந்த இடத்துக்கு வருகிறவள் வேறு எங்காவதும் நிற்க முடிந்தால் கோச்சுக்கு நிம்மதி.

அந்தப் பெண் வலது கவரிலும் நிற்பாள், இடது கார்னரிலும் நிற்பாள். நீ இடது கவரில் மட்டும்தான் நின்றாய். இரண்டாவது நாள் கோச் உன்னை வலது பக்கம் மாறச் சொன்னபோது, எனக்கு அது வராது சார் என்று சொன்னாயாமே. அதை என்னிடம் நீ சொல்லவே இல்லை. தெரியாத இடம் என்றாலும் ஒரு தடவை நின்று பார்த்திருக்க வேண்டும், தப்பாக ஆடியிருந்தாலும் பரவாயில்லை.

நான் ஒல்லியா இருக்கறதாலயா?

இல்லை. சீனியர் பெண்களுக்கு 75 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றுதான் விதி, குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது. எடையை ஏற்றுகிறேன் என்று கண்டதைத் தின்று வைக்காதே.

கோச் கிட்ட நீ எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?

கோச் என்னைக் கேட்டார் பாப்பா. அவர் கேட்டதும் நான் சொன்னதும் அப்படியே எழுதுகிறேன், வேறு யார் வழியாகவாவது உனக்கு வந்து சேர்வதை விட நானே சொல்வது நல்லது.

அவர் கேட்டது: "உன் கிளப் பொண்ணை உன் பக்கத்துல நிறுத்தினா ஒத்துப் போகுமா?" நான் சொன்னேன்: "என் பக்கத்தில் நின்றால் நன்றாக ஆடுவாள் சார், மூன்று வருஷப் பழக்கம்." அவர் அடுத்துக் கேட்டார்: "நீ அவுட் ஆகி வெளியே உட்கார்ந்துட்டா?"

அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கபடியில் கார்னர் ஒரு மேட்ச்சில் எத்தனை நிமிஷம் வெளியே உட்கார்ந்திருப்பாள் என்று உனக்குத் தெரியும். முதல் தொடுகையே நமக்குத்தான் விழும். எதிர் டீமில் யாராவது அவுட் ஆனால்தான் நான் உள்ளே வர முடியும், அது வரைக்கும் என் இடத்தில் வேறு ஒருத்தி நிற்பாள், நீ அவளோடு ஆட வேண்டும். அவளோடு நீ ஆடியதை நான் மூன்று நாளாகப் பார்த்திருக்கிறேன். நான் உண்மையைச் சொன்னேன்: "வேறு கார்னரோடு முந்திப் போய்விடுகிறாள் சார். திருத்திவிடலாம், ஆனால் நேஷனல்ஸுக்கு முன்னால் இருக்கும் நாளில் முடியாது."

அவர் தலையை ஆட்டினார், வேறு எதுவும் கேட்கவில்லை. நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் உன் பேர் வந்திருக்குமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். வந்திருக்கலாம். வந்திருந்தால் முதல் நாக் அவுட் மேட்ச்சில் அதே அரை நொடியில் நீ கிளம்பி, டீம் தோற்று, அந்தப் பழி உன் பேரில் விழுந்திருக்கும், அடுத்த வருஷம் கேம்புக்கே கூப்பிடத் தயங்கியிருப்பார்கள். இப்படி யோசிப்பது என் மனசாட்சிக்கு நான் சொல்லிக்கொள்ளும் சமாதானமாகவும் இருக்கலாம். என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு, நான் பதில் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அக்கா எனக்காகப் பேசவில்லை என்று மட்டும் நினைக்காதே. உன் டேஷைப் பற்றி, நீ விழுந்ததும் எழும் வேகத்தைப் பற்றி, நீ 20 வயதுப் பெண் என்பதைப் பற்றி எல்லாமே சொன்னேன். அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிபாரிசு இருந்தா என்னை எடுத்திருப்பாங்கதானே?

சிபாரிசே கிடையாது என்று சொன்னால் நீ சிரிப்பாய், நானும் 10 வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கே நடந்திருக்கிறது, ஒரு போட்டியில் என் இடத்துக்கு வந்த பெண் கேம்பில் ஒரு நாள் கூட மேட்டில் இறங்கவில்லை.

ஆனால் இந்தத் தடவை உன் இடத்துக்கு அப்படி நடக்கவில்லை. எப்படித் தெரியும் என்றால், சிபாரிசில் வருகிறவளை எல்லோர் முன்னாலும் ஆடவிட மாட்டார்கள், காயம், காய்ச்சல் என்று ஏதாவது சொல்லி ஓரமாக உட்கார வைப்பார்கள். இந்தப் பெண் கேம்பின் எல்லா மேட்ச்சிலும் ஆடினாள், தோற்ற மேட்ச்சிலும் ஆடினாள், நம் கண் முன்னால் ஆடினாள். அவளைப் பற்றி வாட்ஸப் குரூப்பில் யாரோ எழுதியதற்கு நீ கட்டைவிரல் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. அவளும் உன்னை மாதிரி பஸ் ஏறி வந்தவள்தான்.

ஸ்டாண்ட்பைல இருக்கேன்னு சொன்னாங்களே, கூப்பிடுவாங்களா?

கூப்பிட மாட்டார்கள் என்று வைத்துக்கொள். யாருக்காவது கிளம்புவதற்கு முன்னால் முட்டியோ கணுக்காலோ போனால்தான் வாய்ப்பு, அதுவும் போவது கவராக இருக்க வேண்டும். ரைடருக்கு அடிபட்டால் ரைடரைத்தான் கூப்பிடுவார்கள். என் அனுபவத்தில் இரண்டு தடவை ஸ்டாண்ட்பை பெண் வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

போன் வரும் வரும் என்று கையில் வைத்துக்கொண்டு உட்காராதே. அதே நேரம் டீம் கிளம்பும் நாள் வரை ஓட்டத்தை நிறுத்தாதே, ஆதார் கார்டு, போட்டோ, வயதுச் சான்று எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அழைப்பு வந்தபோது வயதுச் சான்று ஊரில் பீரோவில் பூட்டியிருந்தது.

ஊர்ல பேனர் வெச்சிட்டாங்க அக்கா, எந்த மூஞ்சை வெச்சிக்கிட்டுப் போவேன்?

அந்த போட்டோவை உன் அண்ணன் எனக்கும் அனுப்பினான். பண்ருட்டி ரோட்டில் டீக்கடை பக்கத்தில், உன் படம் பெரிதாக, தமிழ்நாடு அணிக்குத் தேர்வான எங்கள் ஊர் சிங்கப்பெண் என்று போட்டு, கீழே தெருப் பையன்களின் படம் இருபது. கேம்புக்குத்தான் தேர்வு, அணிக்கு இல்லை என்று நீ சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை, உன் தப்பு எதுவும் இல்லை.

என்ன செய்யலாம் என்றால், நீ போவதற்கு முன்னால் உன் அண்ணனிடம் சொல்லி இன்றைக்கு ராத்திரியே அவிழ்க்கச் சொல். பகலில் அவிழ்த்தால் பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். கேட்கிறவர்களுக்கு ஒரே பதில் வைத்துக்கொள்: "கடைசிக் கேம்ப் வரைக்கும் போனேன், 12 பேர் லிஸ்டில் வரவில்லை." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளக்கம் சொல்லச் சொல்லத்தான் கேள்வி வளரும். இரண்டு நாள் கேட்பார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள்.

உன் அம்மாவை நினைத்தால்தான் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. போன தடவை உன் வீட்டுக்கு வந்தபோது முந்திரி உடைத்த கையோடு எனக்குத் தண்ணீர் கொடுத்தார், விரல் நுனியெல்லாம் அந்தப் பால் பட்டுக் கருத்துத் தோல் உரிந்திருந்தது. உனக்கு ஷூ வாங்கிய பணம் அந்தக் கையிலிருந்து வந்தது. அதனால்தான் அவரிடம் போன் பண்ணிச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் அவருக்கு பேனர் பையன்கள் மூலமாகத் தெரியக் கூடாது. நீ நேரில் போய்ச் சொல். நீ சொன்னால் அவர் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார், பார்.

சர்டிபிகேட் இல்லாம வேலைக்கு நான் என்ன பண்றது?

இதுதான் உண்மையான இழப்பு, இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வே மாதிரி மத்திய அரசு இடங்களிலும் விளையாட்டுக் கோட்டா இருக்கிறது. இவற்றில் மாநில அணிக்காக நேஷனல்ஸில் ஆடிய சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். கேம்புக்கு வந்த கடிதத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. ஒரு வருஷம் போய்விட்டது, அது போனதுதான்.

ஆனால் உன் கையில் இன்னொரு வழி இருக்கிறது, அதை நீ மறந்துவிட்டாய். நீ கல்லூரி இரண்டாம் வருஷம், உன் கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பல்கலைக்கழக அணியில் வந்தால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகலாம், முதலில் தென் மண்டலம், அதில் முன்னேறினால் அகில இந்தியா. மத்திய அரசு விளையாட்டுக் கோட்டாவுக்கான படிவங்களில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்கு என்றே ஒரு படிவம் உண்டு. வேலைக்கு வேலை விதி மாறும், சில இடத்தில் வெறுமனே ஆடியது போதாது, பரிசு இடமும் கேட்பார்கள், அதனால் ஒவ்வொரு அறிவிப்பையும் முழுக்கப் படிக்க வேண்டும். இந்தப் போட்டிக்கு 25 வயது வரைதான் ஆடலாம், உனக்கு நேரம் இருக்கிறது, எனக்கு அது முடிந்துவிட்டது. கல்லூரி உடற்கல்வி ஆசிரியரிடம் இந்த வாரமே போய், பல்கலைக்கழகத் தேர்வு என்றைக்கு என்று கேள். போன வருஷம் தேதி தெரியாமல் விட்டுவிட்டாய்.

இப்போ நான் என்ன மாத்தணும்?

ஒன்றே ஒன்று: கிளம்பும் நேரம். மற்றதைத் தொடாதே.

முதல் இரண்டு வாரம் மோதவே வேண்டாம். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கவரில் நில். ரைடர் மெதுவாக, நடக்கிற வேகத்தில் போனஸுக்கு வரட்டும். கார்னர் அவள் கணுக்காலில் கை வைத்துப் பூட்டிய பிறகு நீ ஒரே ஒரு அடி எடுத்து அவளுக்கும் மையக் கோட்டுக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கை கட்டியிருப்பதால் பாய முடியாது, காலும் உடம்பும் மட்டும்தான் வேலை செய்யும். ஒரு நாளைக்கு 20 தடவை போதும். அதற்கு மேல் போனால் களைப்பில் பழைய பழக்கம் திரும்ப வரும்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். நீ இப்போது ரைடருடைய முன்காலைப் பார்க்கிறாய், அது தூங்குகிறவளைக் கூடக் கிளப்பிவிடும், ஏமாற்றுவதற்காகவே ரைடர் அதை ஆட்டுவாள். இடுப்பைப் பார். இடுப்பு பொய் சொல்லாது. இடுப்பைப் பார்த்தால் கீழே பின்கால் எழுவது ஓரக்கண்ணில் தெரியும், பக்கத்தில் கார்னருடைய கையும் தெரியும். இரண்டும் நடந்தால் போ. ஒன்று மட்டும் நடந்தால் நில்.

மூன்றாவது வாரத்திலிருந்து கையை அவிழ்த்துவிட்டு, ரைடர் முழு வேகத்தில் வரட்டும். அப்போது கார்னரில் நான் நிற்கமாட்டேன். இதை நான் முடிவு பண்ணிவிட்டேன். முதுநகர் கிளப்பிலிருந்து இரண்டு பெண்களைக் கேட்டிருக்கிறேன், ஒருத்தி வேகமாகப் பிடிப்பாள், ஒருத்தி ரொம்ப நிதானம். நாளுக்கு ஒருத்தி. நிதானக்காரியோடு நிற்கும்போது உனக்கு உடம்பெல்லாம் அரிக்கும், போகலாம் போகலாம் என்று இருக்கும். அன்றைக்குத்தான் நீ உண்மையில் கற்றுக்கொள்கிறாய்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? வீடியோவில் பார்த்தால் தெரியும். போனை மேட்டின் பக்கத்தில் தரையோடு வைத்து எடு. ரைடரின் பின்கால் காற்றில் இருக்கும்போது உன் முதல் அடி விழுந்தால் சரி. பின்கால் தரையில் இருக்கும்போதே விழுந்தால் இன்னும் முந்துகிறாய். 20 தடவையில் 15 தடவை சரியாக வந்த பிறகு வலது கவரில் நின்று இதையே முதலிலிருந்து ஆரம்பி. வலது பக்கம் முதலில் ரொம்பக் கேவலமாக வரும், எல்லாம் தலைகீழாகத் தெரியும். நிற்காமல் செய்.

விட்டுடட்டுமா அக்கா?

இந்த வாரம் முடிவு பண்ணாதே. முடிவு பண்ணினாலும் யாரிடமும் சொல்லாதே, வீட்டில் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு 21 வயதில் இதேதான் நடந்தது. ஒரு கதவில் பேப்பர் ஒட்டியிருந்தார்கள், 12 பேர், நான் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று நினைத்தேன். 11 நாள் கிரவுண்ட் பக்கமே போகவில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் போய் உட்கார்ந்து படகு வருவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். எட்டு மாதம் கழித்து வேறு மாவட்டத்து ரைடர் ஒருத்தி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது சொன்னாள், "நீ கணுக்காலைப் பிடிக்கும்போது தலையை உள்பக்கம் விடுற, எங்களுக்கு உன் முகத்தில் முட்டியை வைத்துத் தள்ள ஈஸி, எல்லா ரைடருக்கும் தெரியும்." எட்டு மாதம் நான் தப்பான காரணத்தை நினைத்து அழுதிருக்கிறேன். தலையை வெளிப்பக்கம் வைக்கப் பழக மூன்று மாதம்தான் ஆனது. அதனால்தான் உனக்கு அடுத்த நாளே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

டிஃபென்ஸ் ஆடுகிறவளுக்கு வயது அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. ரைடர் வேகத்தை நம்பி ஆடுகிறாள், நாம் நேரத்தை நம்பி ஆடுகிறோம், நேரம் வயதோடு கூடும். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் வலது கார்னரில் நின்று 2016 உலகக் கோப்பை ஜெயித்த இந்திய அணியில் இருந்தபோது 40 வயதைத் தாண்டியிருந்தார். உனக்கு 20.

ஆனாலும் உனக்கு ஆட்டமே பிடிக்காமல் போய்விட்டது என்றால் அது வேறு விஷயம். மூன்று மாதம் கழித்து, கை கட்டி நிற்கிற பயிற்சியெல்லாம் முடித்த பிறகும் காலையில் எழுந்து கிரவுண்டுக்கு வர உனக்கு வெறுப்பாக இருந்தால் என்னிடம் சொல். அப்போது நான் தடுக்கமாட்டேன், உன் அம்மாவிடமும் நானே வந்து பேசுகிறேன்.

நீ கிளம்பும்போது நான் ஸ்டேஷனுக்கு வரணுமா?

வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மற்ற பெண்கள் டிராக் சூட் போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பார்கள், அதைப் பார்க்க உனக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்கும் உன்னை அங்கே நிற்க வைக்கக் கஷ்டமாக இருக்கும். வராவிட்டால் நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

வருவதாக இருந்தால் வியாழக்கிழமை காலை, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன், முதல் பிளாட்பாரம். என் நீ-கேப் உன் பையில்தான் இருக்கிறது, அன்றைக்குத் துவைத்ததோடு அப்படியே உன்னோடு வந்துவிட்டது. இடது முட்டிக்கு அதுதான் எனக்குப் பழக்கம், புதிது போட்டால் வழுக்கும். நீ வராவிட்டால் உன் அண்ணனிடமாவது கொடுத்தனுப்பு.